தவறான குரூப்புக்குப் போன மெசேஜ்: அழித்த பிறகும் நோட்டிபிகேஷனில் ஏன் நிற்கிறது?

வட்ஸ்அப்பில் மெசேஜ் மாறிப் போனதை இப்போதுதான் கண்டீர்கள் என்றால் மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். முதலில் அழித்துவிடுங்கள். அண்ட்ரொய்ட் போனில் அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து, மேலே வரும் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டு, "Delete for everyone" என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஐபோனில் அழுத்திப் பிடித்தால் பட்டியல் ஒன்று விரியும். அதில் "Delete" இருக்கும், இல்லாவிட்டால் "More" என்பதற்குள் இருக்கும். அதன் பிறகு குப்பைத்தொட்டி, பிறகு அதே "Delete for everyone". "Delete for me" என்பதில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் அதிகம் பேர் அழுத்துவது அதைத்தான்.

அழிக்கும் முன் செய்யக்கூடாதவை இரண்டு. வெட்கத்தில் குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள். தனி ஆளுக்குப் போயிருந்தால் அவரை ப்ளொக் பண்ணாதீர்கள். அழிப்பது என்றால் உங்கள் போன் மற்றவர் போனுக்கு "முன்பு அனுப்பிய அந்த மெசேஜை எடுத்துவிடு" என்று இன்னொரு செய்தி அனுப்புவதுதான். குரூப்பில் நீங்கள் இல்லை என்றால், அல்லது அவருக்கு எதையும் அனுப்ப முடியாதபடி ப்ளொக் பண்ணிவிட்டால், அந்த உத்தரவு போவதற்கு வழியே இல்லை. மெசேஜ் அவர்களிடம் அப்படியே இருந்துவிடும்.

நான் திருகோணமலையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்து வருபவர்களுக்கு அடுத்தபடியாக இந்தக் கேள்வியோடுதான் ஆட்கள் வருகிறார்கள். "அழிச்சிட்டன், ஆனா அவை பாத்திட்டினம். எப்பிடி?" இந்த "எப்பிடி"க்குப் பதில் சொல்ல ஒரு குடும்பத்துக்கு நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உப்புவெளியில் ஒரு பெண். தங்கைக்குக் கல்யாணம் பேசி முடிகிற கட்டம். இரண்டு வீட்டாரும் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள், 14 பேர். டொரொண்டோவில் இருக்கும் தம்பிக்கு எழுதியதை அந்த அக்கா இரவு 8.40க்கு அந்தக் குரூப்பில் போட்டுவிட்டார்: "தம்பி, அவையள் கேக்கிற சீதனம் எங்களுக்குக் கட்டாது. வீட்டையும் எழுதிக் குடுத்திட்டு அம்மா எங்க போறது?" 8.43க்குக் கண்டு, "Delete for everyone" கொடுத்துவிட்டார். குரூப்பில் எல்லோருக்கும் "This message was deleted" என்று வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை மாப்பிள்ளையின் பெரியம்மா கோல் எடுத்தார். "ஏன் பிள்ளை, கட்டாது எண்டால் எங்களோட நேர கதைச்சிருக்கலாமே?"

மூன்று நிமிடத்தில் அழித்த மெசேஜை அவர் எங்கே வாசித்தார்? கீழே உள்ளவற்றில் இரண்டாவது அறிகுறி அதுதான்.

"Delete for everyone" என்ற தெரிவே வரவில்லை

பெரும்பாலும் காரணம் நேரம். வட்ஸ்அப் இந்த வசதியை 2017இல் கொண்டுவந்தபோது ஏழு நிமிடம்தான் தந்தது. அடுத்த வருடம் அது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகக் கூடியது. 2022 ஓகஸ்டில் இருந்து இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். அந்த எல்லையைத் தாண்டினால் உங்கள் பக்கத்தில் மட்டும்தான் அழிக்கலாம்.

நேரம் இருந்தும் தெரிவு வரவில்லை என்றால், எத்தனை மெசேஜைத் தெரிவு செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்களுடையதோடு சேர்த்து மற்றவர் எழுதிய ஒன்றும் தொடுபட்டிருந்தால் "Delete for me" மட்டும்தான் காட்டும். அதை விட்டுவிட்டு உங்களுடையதை மட்டும் பிடியுங்கள்.

"Delete for me" அழுத்துப்பட்டுவிட்டதா? திரையின் அடியில் "Undo" என்று ஐந்து விநாடி நிற்கும், உடனே அதைத் தொட்டால் மெசேஜ் திரும்ப வரும். அந்த ஐந்து விநாடி போய்விட்டால், குரூப் என்றால் இன்னும் ஒரு வழி இருக்கிறது. குரூப் அட்மினால் மற்றவர் போட்ட மெசேஜையும் எல்லோருக்கும் அழிக்க முடியும். அட்மினுக்குத் தனியாகக் கோல் எடுத்துச் சொல்லுங்கள். அட்மின் அழித்தது என்பது குரூப்பில் தெரியும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தனி ஆளுக்குப் போனது என்றால் அவரிடமே கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

குரூப்பில் அழிந்துவிட்டது, ஆனால் அவர் போன் திரையில் மெசேஜ் இன்னும் தெரிகிறது

ஒரு மெசேஜ் போய்ச் சேரும்போது அது போனில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வட்ஸ்அப்புக்குள், உரையாடலில். மற்றது போனின் நோட்டிபிகேஷன் பகுதியில். அதாவது திரையை மேலிருந்து இழுத்தால் வருகிற இடம், பூட்டிய திரையில் வந்து விழும் வரி. வட்ஸ்அப் மெசேஜைத் திறந்து பார்த்து, அதில் இருந்த எழுத்தை அண்ட்ரொய்டிடமோ ஐபோனின் ஐஓஎஸ்ஸிடமோ "இதைக் காட்டு" என்று கொடுக்கிறது. கொடுத்த பிறகு அந்த எழுத்து போனின் கையில். "Delete for everyone" நேரடியாகத் தொடுவது உரையாடலில் உள்ளதை. நோட்டிபிகேஷனில் உள்ளதை எடுக்க, அந்தப் போனில் உள்ள வட்ஸ்அப் விழித்து, உங்கள் உத்தரவை வாங்கி, போனிடம் "முன்பு கொடுத்ததை எடு" என்று சொல்ல வேண்டும். வழக்கமாக இது ஓரிரு விநாடியில் நடந்துவிடும். வரி மறையும், அல்லது அதன் இடத்தில் "This message was deleted" என்று வரும். இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி விடுபட்டால் பழைய வரி அப்படியே நிற்கும்.

அதிகம் விடுபடுவது டேட்டாவில்தான். எங்கள் ஊரில், அதுவும் வயதானவர்கள், டேட்டாவை எப்போதும் போட்டு வைப்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவார்கள், வந்ததைப் பார்ப்பார்கள், நிறுத்துவார்கள். பெரியம்மாவுக்கும் அதே பழக்கம். 8.40க்கு மெசேஜ் வந்து சேர்ந்தது. அவர் குரூப்பைத் திறக்கவில்லை. டேட்டாவை நிறுத்திவிட்டுப் போனை மேசையில் வைத்தார். 8.43க்குப் புறப்பட்ட அழிக்கும் உத்தரவு அவர் போனுக்கு வந்து சேர வழி இல்லை. படுக்கப் போகும் முன் அலாரம் வைக்கப் போனை எடுத்தபோது பூட்டிய திரையில் அந்த வரி முழுதாக நின்றது. காலையில் டேட்டா போட்டதும் அது மறைந்தது. உரையாடலுக்குள் போனால் "This message was deleted". இரவு வாசித்தது அவருக்கு நினைவில் இருந்தது, அவ்வளவுதான்.

இப்படி நடந்ததா என்று அனுப்பியவர் பக்கத்தில் இருந்து தெரிந்துகொள்ள முடியுமா? அழிக்கும் உத்தரவு எவர் போனிலாவது வேலை செய்யாவிட்டால் வட்ஸ்அப் உங்களுக்குச் சொல்வதில்லை. உங்கள் திரையில் அழிந்ததாகத்தான் இருக்கும். அதனால்தான் அழிப்பதற்கு முந்தைய மூன்று நான்கு விநாடி பெறுமதியானது. மெசேஜைத் தெரிவு செய்து "Info" என்பதைத் தொட்டால், குரூப்பில் யாருக்குச் சேர்ந்தது, யார் வாசித்தார்கள் என்று இரண்டு பட்டியல் வரும். அதை ஒரு ஸ்க்ரீன்ஷொட் எடுத்துவிட்டு அழியுங்கள். அழித்த பிறகு அந்தப் பட்டியல் கிடைக்காது. நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவர்கள்கூடக் குரூப்பில் வாசித்தவர் பட்டியலில் வருவார்கள், அந்த அமைப்பு குரூப்புக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நோட்டிபிகேஷனில் வாசித்தவர் "வாசித்தவர்" பட்டியலில் வரமாட்டார். உரையாடலைத் திறந்தவர்தான் அதில் வருவார். பெரியம்மா "சேர்ந்தது" என்ற பட்டியலில் மட்டும்தான் இருந்திருப்பார். ஆகவே, சேர்ந்த எல்லோரும் வாசித்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஐபோனில் இன்னொரு காரணமும் உண்டு. ஆப்களைப் பின்னணியில் எப்போது விழிக்க விடுவது என்பதை ஐஓஎஸ்தான் தீர்மானிக்கிறது. பற்றரி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்பை மேலே தள்ளி மூடிவிடும் ஆட்களின் போனில், வந்த வரியை வட்ஸ்அப் திரும்ப எடுப்பது பிந்தலாம், அல்லது அவர் ஆப்பைத் திறக்கும்வரை நடக்காமலே இருக்கலாம். கையில் கட்டும் பட்டி, ஸ்மார்ட் வோச் ஆகியவற்றில் இது இன்னும் கூட. போன் காட்டியதன் நகல்தான் அங்கே போகிறது. போனில் மறைந்த பிறகும் விலை குறைந்த பட்டிகளில் அந்த நகல் அப்படியே கிடப்பதைக் கண்டிருக்கிறேன். கணினியில் வட்ஸ்அப் இணைத்து வைத்திருந்தால் திரையின் மூலையில் வரும் அறிவிப்புக்கும் இதே கதைதான். ஒரு கணக்கோடு போனைத் தவிர இன்னும் நான்கு கருவிகளை இணைக்கலாம் என்பதால், ஒரே ஆளிடம் உங்கள் வரி பல திரையில் விழுந்திருக்கக்கூடும்.

இதில் அனுப்பியவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப அழிக்க முடியாது. ஆப்பை அழித்துத் திரும்பப் போட்டாலும் மற்றவர் திரை மாறாது. வரி போக வேண்டுமென்றால் அவர் டேட்டா போட வேண்டும், அல்லது வட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும், அல்லது தன் கையால் தள்ளிவிட வேண்டும்.

வரி மறைந்துவிட்டது, ஆனாலும் பிறகு ஒருவர் சொல்லுக்குச் சொல் சொல்கிறார்

அந்தக் குரூப்பில் மாப்பிள்ளையின் தம்பியும் இருந்தார், நிலாவெளியில் வேலை செய்பவர். அவருக்குச் சரியாக டேட்டா இருந்தது, உத்தரவும் சரியாக வந்து சேர்ந்தது. ஆனாலும் அவரால் முழுதாக வாசிக்க முடிந்தது. அண்ட்ரொய்ட் 11இல் இருந்து "Notification history" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. வந்த அறிவிப்புகளைக் கடைசி 24 மணித்தியாலத்துக்கு அது சேர்த்து வைக்கும். புதுப் போனில் பொதுவாக அது நிறுத்தப்பட்டே வரும், ஆள் தானாகப் போய்ப் போட வேண்டும். போட்டு வைத்திருந்தால், வட்ஸ்அப் தன் அறிவிப்பை எடுத்துக்கொண்டாலும் இந்தப் பதிவு இருக்கும், ஏனென்றால் இதை எழுதுவது வட்ஸ்அப் அல்ல, போன். ஒரு நாள் கடந்தால் தானாகப் போய்விடும்.

இதைவிட மோசமானது, "அழித்த மெசேஜை வாசிக்கலாம்" என்று விளம்பரம் போடும் ஆப்கள். இவை வட்ஸ்அப்புக்குள் நுழைவதில்லை. போனில் வரும் எல்லா அறிவிப்பையும் வாசிக்க அனுமதி கேட்டு வாங்கி, வருகிறதையெல்லாம் எழுதி வைக்கின்றன. 24 மணித்தியாலம் என்ற எல்லை இவற்றுக்கு இல்லை. யாராவது இந்த ஆப்பைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன். வங்கியில் இருந்து வரும் ஓடிபி எண்ணும் அதே நோட்டிபிகேஷன் வழியாகத்தான் வருகிறது. ஊரார் அழித்ததை வாசிக்கப் போய்த் தன் கணக்கின் சாவியை யாரோ ஒருவரிடம் கொடுக்கிற வேலை அது.

இந்த இரண்டு வழியும் ஒரே இடத்தில் தோற்கின்றன. நோட்டிபிகேஷன் வராவிட்டால் பதிய ஒன்றுமில்லை. மெசேஜ் வந்த நேரத்தில் அவர் அந்தக் குரூப்பையே திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் நோட்டிபிகேஷன் எழும்பாது. குரூப்பை ம்யூட் பண்ணி வைத்திருந்தாலும் பொதுவாக எழும்பாது. ஆனால் நீங்கள் @ போட்டு அவர் பெயரைக் குறிப்பிட்டிருந்தால், அல்லது அவருடைய மெசேஜுக்குப் பதிலாக எழுதியிருந்தால், ம்யூட் பண்ணியவருக்கும் எழும்பும். கல்யாணக் குரூப், ஊர்ச் சங்கக் குரூப் என்று பத்துப் பதினைந்து குரூப்பில் இருப்பவர்கள் பாதிக்கு மேல் ம்யூட் பண்ணித்தான் வைத்திருப்பார்கள். அந்த 14 பேரில் பலர் ஒன்றுமே அறியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு டிக் மட்டும் நிற்கிறது, அல்லது மணிக்கூட்டுப் படம் நிற்கிறது

மணிக்கூட்டுப் படம் என்றால் மெசேஜ் உங்கள் போனை விட்டே போகவில்லை. இது நல்ல காலம். உடனே போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், மெசேஜை அழியுங்கள், பிறகு மோடை எடுங்கள். முதலில் அழிக்கப் போய் அந்த இடைவெளிக்குள் சிக்னல் வந்தால் அது போய்விடும், ஆகவே ஏரோப்ளேன் மோடுதான் முதல்.

தனி ஆளுக்கு அனுப்பியதில் ஒரு டிக் என்றால் உங்கள் போனை விட்டுப் போய்விட்டது, ஆனால் அவர் போனுக்குச் சேரவில்லை. குரூப்பில் ஒரு டிக் என்றால் எல்லோருக்கும் இன்னும் சேரவில்லை என்பது மட்டும்தான், சிலருக்குச் சேர்ந்திருக்கலாம். வட்ஸ்அப் சேவையகம் அதைப் பூட்டிய நிலையில் 30 நாள்வரை வைத்திருக்கும். நீங்கள் அழித்தால் அந்த உத்தரவும் அதே வரிசையில் போய் நிற்கும். அந்தக் குடும்பத்தில் ஒரு சித்தப்பா அன்று இரவு கடலுக்குப் போயிருந்தார். கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் இல்லை. விடியற்காலை கரைக்கு வந்து போன் சிக்னல் பிடித்தபோது மெசேஜும் அழிக்கும் உத்தரவும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவர் கண்டது "This message was deleted" மட்டும்தான். இப்படி வரும்போது ஒரு கணம் வரி மின்னி மறையவும் கூடும், ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாலொழிய யாரும் வாசிக்கமாட்டார்கள். தனி ஆளுக்கு அனுப்பியதில் ஒரு டிக் நிற்கிறதென்றால் அவர் போன் போட முன் அழித்துவிடுங்கள், பெரும்பாலும் தப்பலாம்.

எல்லாம் அழிந்தது, ஆனால் என் வரி இன்னொருவரின் பதிலுக்குள் நிற்கிறது

உங்கள் மெசேஜை இழுத்துப் பிடித்து யாராவது பதில் எழுதியிருந்தால், அந்தப் பதிலின் தலையில் உங்கள் வரியின் நகல் ஒன்று போயிருக்கும். நீங்கள் அழித்தாலும் அது அங்கே நிற்கும், ஏனென்றால் அது இப்போது அவருடைய மெசேஜின் பகுதி. அவர்தான் தன் பதிலை அழிக்க வேண்டும், அல்லது அட்மின் அழிக்க வேண்டும். வேறு குரூப்புக்கு ஃபோர்வர்ட் பண்ணியதற்கும் இதேதான். அந்த நகலுக்கும் உங்களுக்கும் தொடர்பு இல்லை.

படம், வீடியோ என்றால் ஐபோன்காரர்களைக் கவனியுங்கள். வந்த படத்தை அவர் போன் தானாகப் "Photos" பகுதியில் சேமித்திருந்தால், உரையாடலில் அழிந்த பிறகும் அது அங்கே இருக்கலாம் என்று வட்ஸ்அப்பே சொல்கிறது. அடையாள அட்டைப் படம், வங்கிப் புத்தகத்தின் படம் போன்றவை மாறிப் போனால் அழிப்பதோடு நிற்காமல் அவரிடம் நேரே கேட்டு அங்கிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண எஸ்எம்எஸ்ஸாகப் போயிருந்தால் திரும்பப் பெறவே வழி இல்லை. உங்கள் போனில் அழித்தால் உங்கள் நகல் மட்டும்தான் போகும்.

அப்புறம், என் போனில் மற்றவர் மெசேஜ் இப்படி வெளியே தெரியாமல் இருக்க

பெரியம்மாவின் போனுக்கு நான் செய்து கொடுத்தது இதுதான். அண்ட்ரொய்டில் "Settings" போய் "Notifications" பகுதியில் பூட்டிய திரைக்கான அமைப்பைத் திறந்து, உள்ளடக்கத்தை மறைக்கும் தெரிவைப் போடுங்கள். போனுக்குப் போன் அதன் பெயர் சற்று வேறுபடும், "Sensitive notifications" என்று இருந்தால் அதை நிறுத்துங்கள். ஐபோனில் "Settings", "Notifications", "Show Previews" என்று போய் "When Unlocked" அல்லது "Never" தெரிவு செய்யுங்கள். அதன் பிறகு பூட்டிய திரையில் மெசேஜ் வந்தது என்பது மட்டும் தெரியும், எழுத்து தெரியாது. வீட்டில் இரண்டு போன் இருந்தால் சரியாகிவிட்டதா என்று உடனே பார்க்கலாம். ஒன்றில் இருந்து மற்றதுக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, வாங்கும் போனின் டேட்டாவை நிறுத்தி, அனுப்பியதில் "Delete for everyone" கொடுங்கள். வாங்கிய போனின் பூட்டிய திரையில் எழுத்துத் தெரியாமல் இருந்தால் அமைப்பு வேலை செய்கிறது. தெரிந்தால், வட்ஸ்அப்புக்கென்று தனியாக உள்ள நோட்டிபிகேஷன் அமைப்பில் பூட்டிய திரைக்கு வேறு தெரிவு போடப்பட்டிருக்கும். அதையும் திறந்து மாற்றுங்கள்.